ஐஸ் போட்டு ஊற்றி, போர்வை போட்டு மூடுவது ஏன்? தடித்த ராஃப்ட் கான்கிரீட்டின் வெப்பக் கணக்கு

உயரமான கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு மூன்று மீட்டர் தடிமனில் ராஃப்ட் என்ற ஒரே பெரிய கான்கிரீட் தளம் போடும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. பேச்சிங் பிளான்ட்டில் கான்கிரீட்டுக்குள் டன் கணக்கில் ஐஸ் கொட்டுகிறார்கள். அதே கான்கிரீட்டை ஊற்றி முடித்ததும், கொளுத்தும் வெயிலில்கூட தெர்மாகோல் பலகையும் தார்ப்பாயும் போட்டு இறுக மூடுகிறார்கள். குளிர வைக்க வேண்டுமா, சூட்டைக் காப்பாற்ற வேண்டுமா?

இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்று உச்ச வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறது, மற்றது உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வித்தியாசத்தை. முதல் வேலைக்கான நேரம் ஊற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இரண்டாவது ஊற்றிய பிறகுதான் தொடங்குகிறது. இந்தக் காலப் பிரிவினை புரியாமல் போகும்போதுதான் தளத்தில் பெரிய தவறுகள் நடக்கின்றன.

## சூடு எங்கிருந்து வருகிறது

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது, அந்த வினை வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிலோ சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் முதல் சில நாள்களில் சுமார் 300 கிலோஜூல் வெப்பம் தரும். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் தேவை. அப்படியானால் கனமீட்டருக்கு 100 கிலோ சிமென்ட் இருந்தால், வெப்பம் வெளியேறவே வழியில்லாதபோது கான்கிரீட் ஏறத்தாழ 12 டிகிரி சூடாகும். இந்த 12-தான் இந்தத் துறையில் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் எண்.

மெல்லிய தளத்தில் இது தெரியவே தெரியாது, பிறக்கும் வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடும். தடிமன் இரண்டு மடங்கானால் வெப்பம் வெளியேறும் நேரம் நான்கு மடங்காகும். 30 சென்டிமீட்டர் சுவர் சில மணி நேரத்தில் விட்டுவிடும் வெப்பத்தை, மூன்று மீட்டர் ராஃப்ட் வாரக்கணக்கில் வைத்திருக்கும். அதன் நடுப்பகுதிக்கு, வெளியே உலகம் இருப்பதே முதல் சில நாள்களுக்குத் தெரியாது. அங்கே பிறந்த வெப்பம் முழுவதும் அங்கேயே தங்குகிறது.

## இரண்டு வரம்புகள், இரண்டு நோய்கள்

பெரும்பாலான விவரக்குறிப்புகளில் இரண்டு எண்கள் இருக்கும். உச்ச வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதிக்கும் மேற்பரப்புக்கும் இடையிலான வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டக் கூடாது. (அமெரிக்க விவரக்குறிப்பில் இது 35 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 19 டிகிரி செல்சியஸ்.) இவை ஒரே ஆபத்தின் இரு பெயர்கள் அல்ல.

70 டிகிரி எதற்கு? கான்கிரீட் இறுகும் தொடக்க நாள்களில் எட்ரிங்கைட் என்ற சல்பேட் படிகம் உருவாக வேண்டும். கான்கிரீட் இன்னும் மிருதுவாக இருக்கும்போது அது உருவானால் தீங்கில்லை. வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படிகம் நிலைக்காது, சல்பேட் சிமென்ட் பசைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். பிறகு கான்கிரீட் கெட்டிப்பட்டு, ஆண்டுகள் கழித்து ஈரம் கிடைக்கும்போது படிகம் மெதுவாக உருவாகி, உள்ளிருந்தே கான்கிரீட்டை விரியச்செய்து வெடிக்க வைக்கும். ராஃப்ட் பெரும்பாலும் நிலத்தடி நீரில் நனைந்தபடி கிடக்கும் உறுப்பு. மேலே கட்டடம் நிற்கும், கீழே போய்ப் பார்க்க வழியில்லை. அதனால்தான் இந்த வரம்பை நான் பேரத்துக்கு இடமில்லாததாகக் கருதுகிறேன். நிலக்கரி எரிந்த சாம்பலான ஃப்ளை ஆஷ் அல்லது இரும்பாலைக் கசடுத் தூள் போதுமான அளவு சேர்த்த கலவைக்குச் சில வழிகாட்டிகள் 85 டிகிரி வரை இடம் தருகின்றன. ஆனால் அதைத் திட்டத்திலேயே முன்கூட்டி எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும், 74 டிகிரி பதிவான பிறகு தேடிப்போகிற சலுகையாக அது இருக்கக் கூடாது.

20 டிகிரி எதற்கு? நடுப்பகுதி சூடாகி விரிகிறது. மேற்பரப்பு குளிர்ந்திருப்பதால் விரியவில்லை. உள்ளே இருப்பது தள்ள, மேலே இருப்பது இழுபடுகிறது. கான்கிரீட்டின் நீளம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 10 பங்கு மாறும் என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரி வித்தியாசத்துக்கு 200 பங்கு. உள்பகுதியும் சற்று விட்டுக்கொடுப்பதால் இதில் நூற்றுக்கு 42 பங்குதான் தடுக்கப்படுகிறது. இளம் கான்கிரீட் இழுவிசைக்கு மெல்ல இணங்கிப் போவதால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு தணிந்துவிடும். மிஞ்சுவது சுமார் 55. சில நாள் வயதுள்ள கான்கிரீட் 65 முதல் 80 வரை தாங்கும். ஆகவே 20 டிகிரியில் விரிசல் வராது, கொஞ்சம் இடைவெளியும் இருக்கிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 20 என்பது எல்லாக் கல்லுக்கும் பொது எண் அல்ல. குவார்ட்ஸ் கூழாங்கல் ஜல்லியாக இருந்தால் விரிவு 12 பங்கு வரை போகும், 20 டிகிரியிலேயே விளிம்பைத் தொட்டுவிடும். கிரானைட் ஜல்லிக்கு 28 டிகிரி வரை தாங்கும். சுண்ணாம்புக்கல்லுக்கு 35-ஐயும் தாண்டலாம். ஜல்லியின் விரிவைச் சோதனைக்கூடத்தில் அளந்து காட்ட முடிந்தால் மட்டும் வரம்பைத் தளர்த்தலாம். அளக்காதவர் 20-லேயே நிற்பது நல்லது.

## முதல் வரம்பு: ஊற்றும் முன்பே முடிந்துவிடும் கணக்கு

30 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், 3 மீட்டர் தடிமன் கொண்ட ராஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் 2,160 கனமீட்டர். கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட்டுப் பொருள், 160 லிட்டர் தண்ணீர், 1,800 கிலோ ஜல்லியும் மணலும். வெயில் காலம்: ஜல்லி 34 டிகிரி, சிமென்ட் 55 டிகிரி, தண்ணீர் 30 டிகிரி.

முதலில் கலவையின் தொடக்க வெப்பநிலை. திடப் பொருள்களின் வெப்பம் கொள்ளும் திறன் தண்ணீரில் 0.22 பங்கு. 160 லிட்டரில் 40 லிட்டர் ஜல்லியிலும் மணலிலும் ஈரமாகவே வந்துவிடும், அதற்கும் 34 டிகிரி.

```
(0.22 × (1800×34 + 400×55) + 40×34 + 120×30) / (0.22×2200 + 160)
= 23264 / 644 = 36.1
```

எதுவும் செய்யாமல் விட்டால் 36 டிகிரியில் கான்கிரீட் வரும். 400 கிலோவும் வெறும் சிமென்ட் என்றால் ஏற்றம் 48 டிகிரி. உச்சம் 84. வரம்பைத் தாண்டி வெகு தூரம்.

1. சிமென்ட்டைக் குறைப்பது. பாதி சிமென்ட்டுக்குப் பதில் ஃப்ளை ஆஷ் போடுகிறோம். குறைந்த கால்சிய ஃப்ளை ஆஷ் சிமென்ட்டில் ஏறக்குறைய பாதி வெப்பமே தரும். 200 கிலோ சிமென்ட்டும் 200 கிலோ ஃப்ளை ஆஷும் சேர்ந்து 300 கிலோ சிமென்ட்டுக்குச் சமம். ஏற்றம் 36 டிகிரி. உச்சம் 72. இன்னும் போதவில்லை.

2. குளிர்ந்த தண்ணீர். சேர்க்கும் 120 லிட்டரையும் 5 டிகிரிக்குக் குளிரவைத்தால் கலவை 31.5 டிகிரிக்கு இறங்கும். நான்கரை டிகிரி லாபம்.

3. ஐஸ். 120-ல் 60 கிலோவை ஐஸாகப் போட்டால்? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி குளிர வைப்பதற்குச் சமம். 60 கிலோவுக்கு 4,800 கழிகிறது. கலவை 23.5 டிகிரியில் பிளான்ட்டை விட்டு வெளியே வரும். லாரியிலும் பம்ப்பிலும் இரண்டரை டிகிரி ஏறி, 26-ல் தளத்தில் விழும்.

இப்போது உச்சம் 26 கூட்டல் 36, அதாவது 62 டிகிரி. கையில் எட்டு டிகிரி இருக்கிறது. ஐஸ் மட்டும் போட்டு ஃப்ளை ஆஷை விட்டிருந்தால் 74 ஆகியிருக்கும், ஃப்ளை ஆஷ் மட்டும் போட்டிருந்தால் 72. இந்த ராஃப்ட்டுக்கு இரண்டும் தேவை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று ஜல்லிக் குவியல். சிமென்ட் சூடாக வந்தது என்று எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் சிமென்ட்டை 10 டிகிரி குறைத்தால் கலவை குறைவது 1.4 டிகிரிதான். ஜல்லியையும் மணலையும் வெறும் 4 டிகிரி குறைத்தாலே இரண்டரை டிகிரி குறையும், ஏனென்றால் எடையில் பெரும்பங்கு அதுதான். குவியலுக்கு மேல் ஒரு கூரை போட்டு நிழல் தருவது, ஐஸ் ஆலைக்கு வெகு முன்பே செய்ய வேண்டிய வேலை.

ஐஸுக்கும் எல்லை உண்டு. 2,160 கனமீட்டருக்கு 60 கிலோ வீதம் சுமார் 130 டன் ஐஸ். மணிக்கு 90 கனமீட்டர் ஊற்றினால் 24 மணி நேரத்தில் முடியும், அதாவது மணிக்கு ஐந்தரை டன் ஐஸ் தடையில்லாமல் வர வேண்டும். செதில் ஐஸாக இருந்து மிக்சருக்குள்ளேயே முழுதாக உருகியாக வேண்டும். கட்டியாகத் தப்பிப்போன ஐஸ் பின்னால் உருகி, கான்கிரீட்டுக்குள் வெற்றிடமாக நிற்கும்.

ஃப்ளை ஆஷுக்கும் ஒரு விலை உண்டு: வலு மெதுவாக வரும். ஆனால் ராஃப்ட் மேல் முழுச் சுமை வந்து சேர மாதங்கள் ஆகும். எனவே 28 நாள் வலுவுக்குப் பதில் 56 அல்லது 90 நாள் வலுவை ஏற்பதாக வடிவமைப்பாளரிடம் முன்பே ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். 28 நாளிலேயே வலு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சிமென்ட் ஏறும், அதோடு சூடும் ஏறும்.

கணக்கு கணக்குதான், சிமென்ட்டுக்குச் சிமென்ட் வெப்பம் மாறும். அதனால் ஊற்றும் நாளுக்குச் சில வாரம் முன்பு, அதே கலவையில் ஒன்றரை மீட்டர் கனசதுரம் ஒன்றை வார்த்து, ஆறு பக்கமும் தடித்த தெர்மாகோலால் மூடி, நடுவில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் வயர் வைத்துப் பார்க்கிறார்கள். கணக்கில் 36 என்று வந்தது அங்கே 42 என்று காட்டினால், மாற்றிக்கொள்ள அப்போதுதான் அவகாசம். ராஃப்ட்டில் ஊற்றிய பிறகு கலவையைத் திரும்ப எடுக்க முடியாது.

## இரண்டாவது வரம்பு: போர்வையின் வேலை

உச்சம் 62 என்றால், மேற்பரப்பு 42 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. இரவில் காற்று 22 டிகிரி. மூடாமல் திறந்து விட்டால் என்ன ஆகும்?

திறந்த மேற்பரப்பிலிருந்து வெப்பம் மிக எளிதாக வெளியேறும். கான்கிரீட்டோ உள்ளிருந்து வெப்பத்தை மெதுவாகத்தான் மேலே அனுப்பும். வரவு குறைவு, செலவு அதிகம். அதனால் மேற்பரப்பு 28 டிகிரி வாக்கில் போய் நிற்கும். வித்தியாசம் 34. விரிசல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதே இடத்தில் 20 மில்லிமீட்டர் தெர்மாகோல் பலகையைப் போட்டால், வெப்பம் வெளியேறுவதற்கான தடை கிட்டத்தட்ட ஒன்பது மடங்காகிறது. மேற்பரப்பு 45 டிகிரி வாக்கில் நிற்கும், வித்தியாசம் 17. நடுப்பகுதியின் உச்சமோ இதனால் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் அதன் வெப்பம் முதல் நாள்களில் மேற்பரப்பை எட்டுவதே இல்லை. போர்வை போட்டால் உள்ளே வெந்துவிடும் என்ற பயம் தடித்த ராஃப்ட்டுக்குப் பொருந்தாது.

போர்த்தும் வரிசை இப்படி:

1. மேற்பரப்பைத் தேய்த்து முடித்து, நடந்தால் தடம் பதியாத அளவுக்கு இறுகியதும் பாலித்தீன் ஷீட். ஈரம் போகாமல் க்யூரிங் நடப்பது இதனால்தான்.
2. அதன்மேல் தெர்மாகோல் பலகை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி.
3. மேலே தார்ப்பாய், காற்றில் தூக்காதபடி பாரம் வைத்து. மழையில் நனைந்து தண்ணீர் ஊறிய போர்வை போர்வையே அல்ல.

விளிம்பிலும் மூலையிலும் வெப்பம் இரண்டு மூன்று திசையில் ஓடும். அங்கே இரட்டைப் பலகை வேண்டும். பக்கவாட்டு ஷட்டரிங் இரும்பாக இருந்தால் அது திறந்த பரப்புக்குச் சமம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் கொஞ்சம் உதவும், போதாது. பக்கத்துக்கும் வெளியே தெர்மாகோல் வேண்டும், ஷட்டரை அவசரமாகக் கழற்றக் கூடாது.

## தெர்மோகப்பிள் சொல்வது

திட்டம் சரியா என்று காட்டுவது தெர்மோகப்பிள்தான். ராஃப்ட்டின் நடுவில் ஒரு இடம், நீள விளிம்பின் மத்தியில் ஒரு இடம், மூலையில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் மூன்று ஆழம்: மேலிருந்து 50 மில்லிமீட்டர், நடு, அடியிலிருந்து 50 மில்லிமீட்டர். நிழலில் காற்று வெப்பநிலைக்கு ஒன்று. நடுப்புள்ளிக்குக் கட்டாயம் இரண்டு வயர், வைப்ரேட்டர் ஊசி பட்டு ஒன்று அறுந்துபோனால் மற்றது இருக்கும்.

வயரைக் கம்பியோடு கட்டும்போது அதன் முனை கம்பியைத் தொடக் கூடாது. முனையை இரண்டு சென்டிமீட்டர் விலக்கி, கம்பியில் டேப் சுற்றிக் கட்டுவது வழக்கம். மேல் சென்சார் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அது வெளியே தப்பி, போர்வைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலான சந்தில் கிடந்தால், காட்டுகிற எண் எதற்கும் உதவாது.

மணிக்கு ஒரு தடவை பதிவு. எச்சரிக்கை நிலை 15, செயல் நிலை 18, வரம்பு 20 என்று மூன்று படி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. 15-ல் போர்வையின் இணைப்புகளை நடந்து பார்ப்பார்கள். 18-ல் இன்னொரு அடுக்கு போடுவார்கள். அதற்கான பலகை முன்பே தளத்தில் அடுக்கியிருக்க வேண்டும்.

இந்த ராஃப்ட்டின் நான்காம் நாள் இரவில் பதிவு இப்படிப் போவதாக வைத்துக்கொள்வோம். இரவு 11 மணி: நடு 62, மேல் 45. ஒரு மணி: நடு 62, மேல் 43. மூன்று மணி: நடு 62, மேல் 40. நடு அசையவே இல்லை, மேல் மட்டும் நான்கு மணி நேரத்தில் ஐந்து டிகிரி சரிந்திருக்கிறது. கான்கிரீட்டின் வேதிவினை இப்படி நடந்துகொள்ளாது. போர்வை எங்கோ திறந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தூண்களுக்காக மேலே நீட்டி நிற்கும் கம்பிக் கூட்டத்தைச் சுற்றித்தான் இருக்கும். அங்கே பலகையைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகியிருப்பார்கள், காற்று அதைத் தூக்கியிருக்கும். அந்தக் கம்பிகளும் வெப்பத்தை மேலே கடத்துகின்றன. இடுக்கில் பஞ்சுப் போர்வையைத் திணித்து, மேலே பாரம் வைத்தால் காலைக்குள் மேற்பரப்பு மீளும்.

## எங்கே தவறுகிறது

மிக மோசமான தவறு நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. நடு 62 டிகிரி என்று பார்த்ததும் பதறி, போர்வையை எடுத்துவிட்டு, பாத்தி கட்டிக் குளிர்ந்த தண்ணீரைத் தேக்குவார்கள். மெல்லிய தளத்துக்குப் பழகிய கை அப்படித்தான் செய்யும். அந்தத் தண்ணீர் நடுப்பகுதியை ஒரு டிகிரிகூடக் குறைக்காது. மேற்பரப்பை மட்டும் சில மணி நேரத்தில் முப்பதுக்குக் கீழே இறக்கி, வித்தியாசத்தை 30-க்கு மேல் ஏற்றிவிடும். அதனால்தான் இந்த நிலையில் "நடு சூடாக இருக்கிறது" என்பதற்கு ஒரே பதில் மேற்பரப்பையும் சூடாக வைப்பது. நடு எதிர்பார்த்ததைவிட ஐந்து டிகிரி கூடினால், மேற்பரப்பும் ஐந்து டிகிரி கூட வேண்டும், அதாவது இன்னொரு அடுக்குப் போர்வை.

விரிசல் வந்தால் அது எந்த வகை என்று அதன் வயதே சொல்லும். ஊற்றிய சில மணி நேரத்தில், இறுகும் முன்பே தெரிவது மேற்பரப்பு ஈரம் வேகமாக ஆவியானதால் வந்தது. இரண்டாம் நாளுக்குப் பிறகு, அல்லது போர்வையை எடுத்த மறுநாள் தெரிவது வெப்ப வித்தியாசத்தால் வந்தது. இது மேலே அகலமாகவும் உள்ளே போகப்போக மெலிந்தும் இருக்கும். நடுப்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது பாதி மூடிக்கொள்வதும் உண்டு.

இன்னொரு வகை தாமதமாக வரும். ராஃப்ட் முழுவதுமே 62-லிருந்து 25-க்குக் குளிரும்போது சுருங்கப் பார்க்கும், கீழே பாறையோ பழைய கான்கிரீட்டோ இருந்தால் அது விடாது. இந்த விரிசல் மேலிருந்து அடிவரை ஊடுருவி நிலத்தடி நீரைக் கொண்டுவரும். போர்வை இதைத் தடுக்காது. உச்சத்தைக் குறைப்பதுதான் தடுக்கும், கூடவே அடியில் வழுக்கும்படி பாலித்தீன் இரட்டை அடுக்கு விரிப்பது உதவும்.

## போர்வையை எப்போது எடுப்பது

ஏழாம் நாள் என்றோ பதினான்காம் நாள் என்றோ நாள் குறிக்கக் கூடாது. மேற்பரப்போடு உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதும் போதாது, அது போர்வை இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது நடுவுக்கும் இரவுக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். போர்வையை எடுத்ததும் மேற்பரப்பு காற்றின் வெப்பநிலைக்குத்தான் இறங்கப்போகிறது.

இந்த ராஃப்ட்டில் இரவுக் காற்று 22 என்றால், நடு 42-க்கு வரும்வரை போர்வை இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தடிமனுக்கு இதற்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும், மூன்று நான்கு வாரம் ஆனாலும் வியப்பில்லை. மேலே தூண் வேலை தொடங்க வேண்டும் என்ற நெருக்கடி அப்போது உச்சத்தில் இருக்கும். அதற்கு வழி, தூண் நிற்கும் கட்டங்களில் மட்டும் பகலில் போர்வையைத் திறந்து, வேலை முடிந்ததும் மாலைக்குள் மூடிவிடுவது. இதை வேலை அட்டவணையில் முன்பே எழுதி வைத்திருந்தால் யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்காது.

எடுக்கும்போதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. இரட்டை அடுக்கு உள்ள இடத்தில் முதலில் மேல் பலகை, மறுநாள் பதிவைப் பார்த்துவிட்டு அடுத்தது, கடைசியாகப் பாலித்தீன். அதை வெயில் ஏறிய நடுப்பகலில் எடுப்பார்கள், விடியற்காலையில் அல்ல. தெர்மோகப்பிள் பதிவு இன்னும் மூன்று நாள் ஓடட்டும்.